சாமி கண்ணைக் குத்துமா?

"சாமி எங்கப்பா இருக்கு?" என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்டால் நம் வீடுகளில் பதில்கள் தயாராக இருக்கின்றன. கோயிலில் இருக்கிறது, மேலே இருக்கிறது, எங்கும் இருக்கிறது. "நாம செய்யறது எல்லாத்தையும் சாமி பார்க்குமா?" என்ற அடுத்த கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: பார்க்கும், பொய் சொன்னால் கண்ணைக் குத்தும். இந்தப் பதில்களில் எது உண்மை என்று விசாரிக்கப் போனால் அது தத்துவ வழக்கு, நமக்குத் தீர்ப்புக் கிடைக்காது. நான் கேட்க விரும்புவது சிறிய கேள்வி. பிள்ளை அந்தப் பதிலைத் தானே சோதித்துப் பார்த்த பிறகு, அப்பா மீது வைத்த நம்பிக்கையில் எவ்வளவு மிஞ்சுகிறது?

பிள்ளைகள் சோதிப்பார்கள் என்பதற்கு எழுத்தில் உள்ள மிகத் தெளிவான சாட்சி, ஆங்கில விமர்சகர் எட்மண்ட் காஸ் 1907இல் முதலில் பெயர் போடாமல் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்ற நினைவு நூல். தந்தை பிலிப் ஹென்றி காஸ் சாதாரண ஆளல்ல. கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்த இயற்கை அறிவியலாளர். வீட்டில் கண்ணாடித் தொட்டியில் கடல் உயிர்களை வளர்க்கும் பழக்கம் இங்கிலாந்தில் பரவியதில் அவருடைய எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதோடு பைபிளை எழுத்துக்கு எழுத்து நம்பிய பிளிமத் சகோதரர் சபையைச் சேர்ந்தவர். கடவுள் எதை விரும்புவார், எதற்குக் கோபப்படுவார் என்பதில் அவருக்குத் துளியும் ஐயமில்லை.

மகனுக்கு ஆறு வயது இருக்கும்போது ஏதோ ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி அப்பா அம்மாவிடம் சொன்னது தவறு என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பிள்ளைக்கு அது இடி விழுந்த மாதிரி. அதுவரை அப்பாவையும் கடவுளையும் அவன் மனத்தில் பிரித்து வைத்ததே இல்லை. கொஞ்ச நாளில் இன்னொன்றும் நடக்கிறது. வேலையாட்கள் விட்டுப்போன கருவியால் தோட்டத்து நீரூற்றுக் குழாயில் அவன் துளை போட்டுவிடுகிறான். அப்பா பழியைக் குழாய் வேலைக்காரர்கள் மேல் போடுகிறார். பையன் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அப்பாவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும், தனக்குள்ளேயே பேசிக்கொள்ள ஒரு துணை இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டுகொள்கிறான்.

இதற்குப் பிறகு வருவதுதான் நமக்கு வேண்டிய இடம். மரத்தையும் கல்லையும் கும்பிட்டால் கடவுளுக்குக் கோபம் வருமா என்று மகன் கேட்கிறான். கிறிஸ்தவ நாட்டில் அப்படிச் செய்தால் கடவுள் கடும் கோபம் கொள்வார், அந்தக் கோபத்தை ஏதாவது ஒரு விதத்தில் காட்டியும் விடுவார் என்கிறார் அப்பா. பிள்ளை யோசித்து, ஒரு நாள் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சின்ன நாற்காலி ஒன்றை ஜன்னலோரம் மேசைமேல் தூக்கி வைக்கிறான். தரைவிரிப்பில் மண்டியிட்டு அன்றாட ஜெபத்தை அப்படியே சொல்கிறான், கர்த்தரைக் கூப்பிட வேண்டிய இடத்தில் நாற்காலியைக் கூப்பிட்டு. பிறகு எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் தெரியும் வானத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறான். வெயில் நன்றாகவே அடிக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை.

இந்தச் சோதனையால் கடவுள் இல்லை என்ற முடிவுக்குப் பையன் வரவில்லை. கடவுளின் மனம் அப்பாவுக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான் இன்னும் கொஞ்சம் தேய்ந்தது என்று எழுதுகிறார் காஸ். கடவுளுக்காக உத்தரவாதக் கையெழுத்துப் போட்டவர் அப்பா. கெடு தவறியபோது கடன் அவர் தலையில் வந்து நின்றது.

இந்த நூலை முழு ஆவணமாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். சம்பவம் நடந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஐம்பது வயதைத் தாண்டியவர் எழுதியது. தந்தையைப் பற்றி 2002இல் வாழ்க்கை வரலாறு எழுதிய ஆன் த்வெய்ட், மகன் தீட்டிய படம் பல இடங்களில் நியாயமற்றது என்று காட்டியிருக்கிறார். ஆனாலும் அந்த வயதைப் பற்றி எட்மண்ட் காஸ் சொல்வது பிற்காலச் சோதனைகளோடு ஒத்துப்போகிறது. 2001இல் ஜஸ்டின் பாரெட்டும் உடனிருந்தோரும் பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கட் பெட்டியைக் காட்டினார்கள். திறந்தால் உள்ளே கூழாங்கல். மூடிவிட்டு, உங்கள் அம்மா இதைப் பார்த்தால் உள்ளே என்ன என்று நினைப்பார், கடவுள் என்ன நினைப்பார் என்று கேட்டார்கள். மிகச் சிறிய பிள்ளைகளில் பெரும்பாலோர் இருவருக்கும் கல் என்று தெரியும் என்றார்கள். ஐந்து, ஆறு வயதுக்காரர்கள் அம்மா ஏமாந்து பிஸ்கட் என்பார், கடவுள் ஏமாற மாட்டார் என்றார்கள். அதாவது எல்லாம் அறிந்த ஒருவரைக் கற்பனை செய்வது பிள்ளைக்குச் சிரமமே இல்லை. அம்மா அப்பாவுக்கு எல்லாம் தெரியாது என்பதைத்தான் அது புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. கண்ணைக் குத்தும் கதையை நாம் சொல்லத் தொடங்குவதும் ஏறக்குறைய இதே வயதில்தான். நம் கண்ணுக்குத் தப்பலாம் என்று பிள்ளை கண்டுபிடித்ததும், தப்ப முடியாத இன்னொரு கண்ணைக் கொண்டுவந்து வைக்கிறோம்.

அது வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. மறுக்கக் கூடாது. ஜாரெட் பியாஸா, ஜெஸ்ஸி பெரிங் ஆகியோர் 2011இல் வெளியிட்ட சோதனையில், நேர்மையாக ஆடினால் ஜெயிப்பது ஏறக்குறைய முடியாத ஒரு பந்து எறியும் விளையாட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். சிலரைத் தனியாக விட்டார்கள், சிலர் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தார், சிலரிடம் அறையிலிருந்த காலி நாற்காலியில் ஆலிஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத இளவரசி உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். ஆலிஸை நம்பிய பிள்ளைகள், பெரியவர் பக்கத்தில் இருந்த பிள்ளைகளைப் போலவே ஏமாற்றுவதைக் குறைத்துக்கொண்டார்கள். நம் பாட்டிமார்களுக்கு இது செய்தியே அல்ல. ஆனால் அந்தச் சோதனை அளந்தது ஓர் அறையில் சில நிமிடங்களை. ஆலிஸ் யாரையும் தண்டிப்பாள் என்று யாரும் சொல்லவும் இல்லை. பார்க்கிறாள் என்பதே போதுமாக இருந்தது. நம் பதிலில் கூடுதலாக ஒட்டியிருக்கும் 'குத்தும்' என்ற பகுதி எதற்கு? அடக்குவதற்கு அது தேவையில்லை, பொய்யாகிப் போவதும் அதுதான். பொய் சொன்ன பிள்ளை மறுநாள் காலையில் இரண்டு கண்ணோடும் எழுந்திருக்கிறது. அதற்கு முன் ஒரு ராத்திரி முழுக்கக் கண்ணைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கவும் கூடும். அந்த ராத்திரியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இனி 'எங்கே' என்ற கேள்வி. படித்த அப்பாக்கள் பலரும் நாடுவது 'தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார்' என்ற பதிலை. அது வந்த இடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிரகலாதன் கதையில் கேட்பவன் தந்தை, சொல்பவன் மகன். கேள்வியே ஒரு மிரட்டல். வால்மீகியில் இல்லாத இந்தக் கதையைக் கம்பன் இரணியன் வதைப் படலமாக விரித்திருக்கிறான். அதில் இரணியன் தூணை அறைந்ததும் நரசிங்கம் வெளியே வருகிறது. பதில் சோதிக்கப்பட்ட அந்தக் கணமே நிரூபணமும் ஆகிவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளை தூணைத் தட்டினால் சுண்ணாம்புதான் உதிரும். உடனடி நிரூபணத்தோடு வந்த ஒரு பதிலை, நிரூபணத்தைக் கழற்றிவிட்டுப் பிள்ளை கையில் கொடுக்கிறோம். மேலும் 'எங்கும்' என்பது பெரியவருக்கு விரிவு, பிள்ளைக்கு நெருக்கடி. குளிக்கும்போதுமா, கட்டிலுக்கு அடியிலுமா என்றுதான் அது உடனே கேட்கும்.

சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் காட்டும் வழி இதைவிடப் பலமடங்கு நயமானது. உப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் வா என்கிறார் மகன் சுவேதகேதுவிடம். வந்ததும் உப்பை எடுத்துத் தா என்கிறார். கிடைக்கவில்லை. மேலிருந்து குடி, நடுவிலிருந்து குடி, அடியிலிருந்து குடி. எங்கும் கரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் அது இங்கேயே இருக்கிறது என்பதை மகன் தன் நாக்காலேயே அறிகிறான். தந்தை சொல்லுக்கு உத்தரவாதம் கேட்க வேண்டியதில்லை. சோதனை பதிலுக்குள்ளேயே இருக்கிறது. இதைச் சிறுவர் கதையாகச் சொல்பவர்கள் விட்டுவிடும் விவரம் ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டு குருகுலம் முடித்துத் திரும்பிய சுவேதகேதுவுக்கு அப்போது வயது 24. ஐந்து வயதுப் பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான், அல்லது "அப்ப நான் சாமியைக் குடிச்சிட்டேனா?" என்ற பீதி. இன்னொன்று, உப்பு எதையும் பார்ப்பதில்லை. உத்தாலகர் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் தருகிறார்.

ஆகவே நம் படிப்பாளிகள் கொஞ்சம் கூச்சத்தோடு ஒதுக்கும் 'கோயிலில் இருக்கிறது' என்ற பதிலுக்கே சிறு வயதுக்கு என் வாக்கு. போகலாம், பார்க்கலாம், திரும்பி வரலாம். சாமிக்கு அங்கே குளியல் உண்டு, சாப்பாடு உண்டு. மதுரையில் ஒவ்வோர் இரவும் பள்ளியறை பூஜை முடிந்து நடை சாத்துகிறார்கள், விடிகாலையில் பள்ளியெழுச்சி. பிள்ளையின் அளவுக்கு அது ஒரு முழுமையான வீடு. பொய்த்துப் போகும்படி எந்த வாக்கும் அதில் இல்லை. இதற்கும் ஒரு சோதனை வரும்: "சாமி தூங்கறப்ப யாருப்பா நம்மளப் பார்த்துக்குவா?" இந்தக் கேள்வியில் 'பார்ப்பது' என்றால் காவல், வேவு அல்ல. இதற்கு "நான் பார்த்துக்கறேன்" என்று அப்பா தாராளமாகச் சொல்லலாம். அவரால் காப்பாற்ற முடிந்த வாக்கு அது. கோயிலுக்கு அடங்காத சாமியைப் பற்றிய பேச்சு பத்துப் பன்னிரண்டு வயதில் தானே வந்து சேரும், உப்புக்கு அப்போது இடம் உண்டு.

இரண்டாவது கேள்விக்கு, நம்பிக்கையுள்ள அப்பா "பார்க்கிறார்னு நான் நம்பறேன்" என்று சொல்லட்டும். அதைச் சொல்லும் வேளை முக்கியம். இருட்டுக்குப் பயந்த பிள்ளையிடம் சொன்னால் துணை, மிட்டாய் திருடிய பிள்ளையிடம் சொன்னால் போலீஸ். அந்தப் பார்வையைத் தொடர்ந்து கடவுள் என்ன செய்வார் என்று அறிவிக்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. பிலிப் காஸ் தவறியது அந்த ஓர் இடத்தில்தான். நம்பிக்கையில்லாத அப்பாவுக்கு வேலை குறைவு என்று நினைக்க வேண்டாம். அவர் வாய் திறக்காவிட்டாலும் எதிர்வீட்டு அக்கா கண் குத்தும் கதையைச் சொல்லி முடித்திருப்பார், அதைத் திருத்தும் வேலை அவருக்கும் உண்டு.

குத்துவதை எடுத்துவிட்டால் பிள்ளை கட்டாயம் கேட்கும்: "அப்ப ஏன் பொய் சொல்லக் கூடாது?" நான் சொல்லும் பதிலின் பலவீனம் இதுதான், மறைக்கவில்லை. சாமியைக் காட்டி அரை நிமிடத்தில் முடித்திருக்கக்கூடிய பேச்சு அரை மணி நேரம் நீளும். குழாயில் துளை போட்டது யார் என்பது தெரியாமல் பழியைச் சுமந்த அந்த வேலையாட்களிடமிருந்து அப்பா அதைத் தொடங்கலாம்.