படம் பார்த்து எழுதிய கிரீம்

தோல் மருத்துவருக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பி மருந்து கேட்பது இன்று சாதாரணமாகிவிட்டது. இதில் உண்மையான நன்மை உண்டு. காணாக்கடி காலையில் தடித்து மாலையில் தடமின்றி மறையும்; மருத்துவர் அதை நேரில் பார்ப்பதே அரிது. தடித்திருந்த நேரத்தில் எடுத்த படம்தான் அங்கே சாட்சி.

படர்தாமரையில் அதே படம் ஏமாற்றிவிடும். இடுப்பில் வட்டமாக அரிப்பு வந்த ஒருவர், மருந்துக்கடையில் வாங்கிய குளோபெட்டசால் கலந்த கிரீமை மூன்று வாரம் தடவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குளோபெட்டசால் வீரியமான ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் தணியும், பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். வட்டத்தின் விளிம்பு மங்கி, செதில் குறைந்து, படத்தில் எக்சிமா போலவே தெரியும். அதை நம்பி மறுபடியும் ஸ்டீராய்டு எழுதப்பட்டால் நோய் இன்னும் பரவும். அதனால் படத்தோடு இதுவரை தடவிய டியூபின் படத்தையும் அனுப்ப வேண்டும். பிறகு, "இந்தப் படம் போதுமா டாக்டர், சுரண்டிப் பார்க்கணுமா?" என்று கேட்க வேண்டும். விளிம்பில் சுரண்டிய செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சை இருக்கிறதா என்பது பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பயாப்சி என்றதும் புற்றுநோயோ என்று பலர் பதறுகிறார்கள். ஒன்றுபோலத் தோன்றும் நோய்களைப் பிரித்தறியவும் அது செய்யப்படுகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அகலத் தோல் எடுப்பார்கள். எந்த நோய்க்கும் எந்த நோய்க்கும் இடையே சந்தேகம், முடிவு வந்தால் சிகிச்சை மாறுமா, பயாப்சிக்கு முன் கிரீமை நிறுத்த வேண்டுமா: இந்த மூன்றையும் கேட்பது நோயாளியின் உரிமை.

கிரீமின் வீரியத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. டியூபில் உள்ள சதவீதத்தைப் பார்த்து வீரியத்தைக் கணிக்க முடியாது. 0.05 சதவீத குளோபெட்டசால், 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல மடங்கு வீரியமானது. முகத்திலும் தொடையிடுக்கிலும் அதைத் தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், வரிவரியாகத் தழும்பு விழும். எந்த இடத்தில், எத்தனை நாள், எவ்வளவு என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகைவரை பிதுக்கிய கிரீம் ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும்.

மறுபரிசோதனைக்குப் படம் நன்றாகவே உதவுகிறது, ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் எடுத்தால். ஆனால் தோல் தெளிந்ததும் படர்தாமரை மருந்தை நிறுத்திவிட்டால் அது திரும்பிவரலாம். எப்போது நிறுத்துவது என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். படத்தால் முடியாததும் உண்டு: தொட்டால் உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமலைத் தொழுநோயா என்று மருத்துவர் தொட்டுப் பார்த்தே சோதிக்க முடியும்.

முதல் முறை நேரில், அடுத்தடுத்து படத்தில் என்பதே பாதுகாப்பான வரிசை. காய்ச்சலோடு கொப்புளமோ, புதிய மருந்துக்குப் பின் வாயிலும் கண்ணிலும் புண்ணோ வந்தால் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.