வெட்டை எங்கே ஒளிப்பது?

ஹிட்ச்காக்கின் ‘ரோப்’ (1948) ஒரே ஷாட்டில் எடுத்த படம் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அதில் சுமார் பத்து ஷாட்டுகள் இருக்கின்றன. அன்றைய கேமராவுக்குள் 1,000 அடி பிலிம்தான் போகும். பத்து நிமிடச் சொச்சத்தில் தீர்ந்துவிடும். தீரும் நேரத்தில் கேமரா யாராவது ஒருவருடைய கோட்டு முதுகை நெருங்கும், திரை இருட்டாகும், அடுத்த சுருள் அதே முதுகிலிருந்து விலகித் தொடங்கும். தியேட்டரில் புரொஜெக்டர் மாற்றும் இடங்களில் மட்டும் ஒளிவுமறைவில்லாமல் வெட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஒளித்த வெட்டுதான் கண்ணில் படுகிறது. படத்தில், கோழிக்கழுத்தை நெரித்த கதையை பிலிப் என்பவன் ஆத்திரத்தோடு மறுக்கிறான். சட்டென்று, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ரூபர்ட்டின் முகத்துக்கு வெட்டுகிறார் ஹிட்ச்காக். அந்த முகத்தைப் பார்க்க நமக்கே ஆசை இருப்பதால் வெட்டு தெரிவதில்லை. கோட்டு முதுகைப் பார்க்க ஆசைப்பட நமக்கு ஒரு காரணமும் இல்லை. கேமராவின் அசைவுக்குக் கதையில் காரணம் இல்லாவிட்டால் எந்த இருட்டும் வெட்டை மறைக்காது.

டிஜிட்டலில் பிலிம் தீரும் கவலை போயிற்று. பெர்லினில் எடுத்த ‘விக்டோரியா’ (2015) 138 நிமிடமும் ஒரே டேக். மூன்றாவது முறை எடுத்ததுதான் படமானது. குறும்படக்காரருக்கு அந்த வசதியும் ஆட்களும் கிடையாது. எட்டு நிமிட ஷாட்டில் ஏழாவது நிமிடம் ஒருவர் வசனம் மறந்தால் எல்லாமே போச்சு. பொருள்களைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி ஆரம்பிக்க அரைமணி நேரம் பிடிக்கும். மதிய வெளிச்சம் நான்கு மணி நேரம் இருந்தால் ஆறேழு டேக்குக்கு மேல் நடக்காது. நடுவில் ஒரு மறைவெட்டு வைக்க இதுவே போதிய நியாயம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வாடகை வீட்டைக் காலி செய்யும் நாள். மகன் மாடிப்படி ஏறி வருகிறான், கூடத்தில் அம்மாவைப் பார்க்கிறான், இருவரும் பேசிக்கொண்டே நடையைக் கடந்து சமையலறைக்குள் போகிறார்கள். நடை ஆறு மீட்டர். சாதாரணமாக நடந்தால் ஏழெட்டு வினாடி. அதற்கு எழுதிய வசனமோ நாற்பது வினாடி. புதியவர்கள் நடிகர்களை மெதுவாக நடக்கச் சொல்வார்கள். பார்க்க சவ ஊர்வலம் மாதிரி இருக்கும். நடையில் ஒரு பெட்டி கிடக்கட்டும், அம்மா நின்று அதற்குக் கயிறு கட்டட்டும். ‘1917’ (2019) படத்துக்கு வெறும் வயலில் குச்சி நட்டு நடிகர்களை நடக்கவிட்டு, வசனத்துக்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று அளந்த பிறகே பதுங்குகுழியைத் தோண்டினார்கள். நம்மால் வீட்டை நீட்ட முடியாது. வசனத்தையும் வேலையையும்தான் திருத்த முடியும்.

ஆகவே முதல் ஒத்திகைக்குக் கேமரா வேண்டாம், கடிகாரம் போதும். அடுத்தது செல்போனில் எடுத்துப் பார்ப்பது: கண்ணாடி பதித்த பீரோவில் யார் தெரிகிறார்கள், பூம் மைக்கின் நிழல் எங்கே விழுகிறது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். கிம்பலைப் பிடித்துப் பின்னோக்கி நடப்பவரின் இடுப்பைப் பிடித்து வழிநடத்த ஓர் ஆள் வேண்டும். குறுகலான நடையில் அந்த இன்னோர் ஆளுக்கும் இடம் இருக்கிறதா என்று யாரும் யோசிப்பதே இல்லை.

வெட்டுக்கு நல்ல இடம் சமையலறை நிலைக்கதவு. இருவரும் உள்ளே போகிறார்கள், கேமரா பின்தொடர்கிறது, நிலையின் மரச்சட்டம் திரையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை துடைத்துக்கொண்டு போகிறது. சட்டத்துக்கு முன்னால் இருப்பது முதல் டேக், பின்னால் இருப்பது இரண்டாவது. இரண்டிலும் லென்ஸ், கேமராவின் உயரம், நிலையைக் கடக்கும் வேகம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். வேகம்தான் பெரும்பாலும் காலை வாரும். அதனால் முதல் பகுதியை நிலையைத் தாண்டியும் பத்து வினாடி ஓடவிட வேண்டும். இரண்டாவதைக் கதவுக்குப் பத்து வினாடி முன்னாலிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் நடையின் தாளம் கலையாது.

வெளிச்சம் இன்னொரு சங்கடம். மூன்று மணிக்கு எடுத்த நடையையும் ஐந்தரை மணிக்கு எடுத்த சமையலறையையும் ஒட்டினால் ஜன்னல் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டூடியோவிலேயே செயற்கை அந்தி அமைத்த ஹிட்ச்காக், ஆரஞ்சு நிறம் தூக்கலாகிவிட்டதென்று கடைசிச் சுருள்களை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

ஒட்டிய பிறகு, படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்டுப் பாருங்கள். பாதி மறைவெட்டுகள் காதில்தான் மாட்டுகின்றன. படம் மாறும் கணத்தில் ஒலியும் மாறக் கூடாது. முந்தைய டேக்கின் அறைச் சத்தம் இரண்டு மூன்று வினாடி நீண்டு அடுத்ததில் கரைய வேண்டும். ஒரு டேக்கில் பிரிட்ஜ் ஓடி, மற்றதில் நின்றிருந்தால் அதுவும் உதவாது. அதனால் பிரிட்ஜை அணைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய வழக்கம்.