மாறாத முதல் தகவலும் பின்னால் சேரும் உண்மைகளும்

இரவு பதினோரு மணிக்குக் கத்திக்குத்துக் காயத்தோடு ஒருவரை அரசு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தகவல் கிடைத்து வந்த சார்பு ஆய்வாளர், காயம்பட்டவர் சொல்லச் சொல்ல எழுதி, கையொப்பமோ கைரேகையோ வாங்குகிறார். அதை வைத்து, பாரதிய நியாய சன்ஹிதாவின் 109ஆம் பிரிவின்கீழ், கொலை முயற்சி என்று முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. நான்காம் நாள் அவர் இறந்துவிடுகிறார். இப்போது வழக்கு கொலை வழக்கு, பிரிவு 103.

இந்த இடத்தில் காவல்துறை பழைய அறிக்கையைத் திருத்துவதில்லை, அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று பதிவதும் இல்லை. அதே குற்ற எண்ணில் ‘சட்டப்பிரிவு மாற்ற அறிக்கை’ ஒன்றை எழுதிக் குற்றவியல் நடுவருக்கு அனுப்புகிறது. ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது முதல் தகவல் அறிக்கை கூடாது என்று டி.டி. ஆண்டனி வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பின்னால் தெரியவரும் சாட்சிகள், பொருள்கள், பெயர்கள் எல்லாம் சாட்சி வாக்குமூலங்களாகவும் கூடுதல் குற்றப்பத்திரிகையாகவும்தான் சேர வேண்டும்.

இந்த முறையின் வலிமை நம் வழக்கிலேயே தெரிகிறது. காயம்பட்டவர் உயிரோடு இருந்தபோது அவர் சொன்னது ஒரு புகார் மட்டுமே. அவர் இறந்ததும், யார் குத்தினார், எப்படிக் குத்தினார் என்ற அதே வரிகள் மரண வாக்குமூலமாகச் சாட்சிய மதிப்புப் பெறுகின்றன. ஓர் எழுத்தும் மாறாமல் அந்தத் தாளின் எடை கூடிவிடுகிறது. கொலை வழக்கானதே என்று அறிக்கையைப் புதிதாக எழுதியிருந்தால், இறந்தவரின் சொல்லும் எழுதியவரின் சொல்லும் கலந்துபோயிருக்கும். எது யாருடையது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

ஆனால் மூல அறிக்கை உண்மையில் அந்த நேரத்தில்தான் எழுதப்பட்டது என்று உறுதியானால்தான் இந்த வலிமைக்குப் பொருள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற துலியா காளி வழக்கில் (1972), சம்பவம் நடந்து இருபது மணி நேரத்துக்கும் மேலான பிறகு புகார் வந்தது. தாமதத்தில் கற்பனையும் கலந்தாலோசனையும் புகுந்துவிடும் என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. அதனால்தான் வழக்கறிஞர்கள் முதலில் பார்ப்பது அறிக்கையின் வாசகத்தை அல்ல, நடுவரின் கையொப்பத்துக்குப் பக்கத்தில் உள்ள நேரத்தை. அடுத்து, பிரேத விசாரணை அறிக்கையில் குற்ற எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால், முதல் தகவல் அறிக்கை அப்போது எழுதப்பட்டிருக்கவே இல்லையோ என்ற ஐயம் எழும்.

குறைகளும் இதே மாறாத் தன்மையிலிருந்துதான் பிறக்கின்றன. வலியில் துடித்தவர் இரண்டு பேரைச் சொல்லி மூன்றாமவரை விட்டிருக்கலாம். முதல் தகவல் அறிக்கை கலைக்களஞ்சியம் அல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் மூன்றாவது பெயர் பத்து நாள் கழித்துச் சாட்சி வாக்குமூலத்தில் வந்தால், ‘பின்யோசனை’ என்ற குற்றச்சாட்டை அது சந்தித்தே தீர வேண்டும். உண்மையாகவே மறந்தவரும் திட்டமிட்டுச் சேர்த்தவரும் தாளில் ஒரே மாதிரித்தான் தெரிகிறார்கள்.

இதைவிடக் கொடிய குறை எதிர்ப்பக்கம் இருக்கிறது. முதல் அறிக்கையில் தவறாகப் பெயர் சேர்க்கப்பட்ட ஒருவர், குற்றப்பத்திரிகையில் நீக்கப்பட்டிருப்பார். ஆனால் முதல் அறிக்கையில் அவர் பெயர் அப்படியே நிற்கும். 2016இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்றவற்றின் முதல் தகவல் அறிக்கைகள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. அந்தத் தாளை மட்டும் பார்க்கும் வேலை தருபவருக்கோ பெண் கொடுக்க வருபவருக்கோ, பெயர் நீங்கிய செய்தி போய்ச் சேராது. சேர்க்கையிலிருந்து மூலத்துக்குக் குற்ற எண் வழிகாட்டுகிறது. மூலத்திலிருந்து சேர்க்கைக்குப் போக வழியில்லை.

சேர்ப்பதற்கு எல்லை வேண்டும் என்பதை மட்டும் சட்டம் ஓரளவு உணர்ந்திருக்கிறது. விசாரணை தொடங்கிய பிறகு மேல் புலனாய்வு செய்ய நீதிமன்ற அனுமதி தேவை, அதை 90 நாளில் முடிக்க வேண்டும், நீட்டிப்பதற்கும் அனுமதி வேண்டும் என்கிறது 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம்.

மூலத்தைத் தொடக்கூடாது என்ற விதியைத் தளர்த்துவது இந்தக் குறைகளுக்குத் தீர்வாகாது. தளர்த்தினால் இறந்தவரின் சொல்லை முதலில் இழப்போம். பிரிவு மாறியது, பெயர் நீங்கியது, வழக்கு முடிந்தது ஆகிய ஒவ்வொன்றும், தேதியோடு, முதல் அறிக்கையின் ஒவ்வொரு நகலுடனும் தனித்தாளாக இணைந்தே வெளிவர வேண்டும். இணையத்தில் ஏற்றும் அறிக்கைக்கு இது இன்றே செய்யக்கூடிய வேலை. அதைச் செய்யாதவரை, நீதிமன்றத்துக்குள் உண்மையைக் காக்கும் அதே தாள், வெளியே குற்றமற்ற ஒருவருக்குத் தண்டனையாகவே தொடரும்.