ஓதம் தெரியும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும்

அஞ்சுகிராமம் பக்கம் ஆடிக் காற்று வீசத் தொடங்கினால் வெளிச்சுவர்கள் சில நாளிலேயே காய்ந்து வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறின சுவரும் சித்திரைக்குள் காய்ந்தாக வேண்டும். அந்தக் காய்ச்சலிலும் வீட்டின் உட்சுவர் ஒன்று, அதுவும் குளியலறைக்கு மறுபக்கம் இருக்கும் படுக்கையறைச் சுவர், பெயிண்ட் கொப்புளித்து உப்புப் பூத்து நின்றால் மழை மேல் பழி போட முடியாது. சுவருக்குள் பதித்த குழாயோ, கழிவுநீர்க் குழாயோ, தரை டைல்ஸின் இடுக்கோ, மூன்றில் ஒன்றுதான் காரணம்.

இந்த இடத்தில் நம் ஊரில் நடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஓதம் எங்கே அதிகமோ அங்கே உளி வைக்கப்படும். உள்ளே குழாய் நல்லபடியாகவே இருக்கும். "இன்னும் ஒரு அடி மேல போய்ப் பாத்திருவோம் அண்ணாச்சி" என்று அடுத்த டைல்ஸ் போகும். கடைசியில் ஓட்டை கிடைக்கும்போது பாதிச் சுவர் தரையில் கிடக்கும், அதே நிறத்தில் டைல்ஸ் கடையில் இருக்காது. செங்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சிப் பரப்பக்கூடியது. கசிந்த நீர் குழாய்க்காக வெட்டிய காடி வழியே கீழே இறங்கும், அங்கிருந்து பக்கவாட்டில் போகும், பிறகு செங்கல் வழியே ஓர் அடிக்கு மேலும் ஏறும். டைல்ஸ் ஒட்டிய பக்கம் அதற்கு வெளியேற வழியில்லை, ஆகவே மறுபக்கப் பூச்சில்தான் தலைகாட்டும். எனவே ஓதத்தைப் பார்த்து எந்தச் சுவர் என்று சொல்லலாமே தவிர, எந்த இணைப்பு என்று சொல்ல முடியாது.

இதே ஓதம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் தெரிந்தால் வேலை வாசலில் தொடங்கும். அங்கே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் நீர்மானி இருக்கிறது. வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு, நீர்மானியின் சின்னச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். சுற்றினால் கசிவு உண்டு என்று தெரிந்துவிடும், அதுவரை ஒரு கல்லும் பெயர்ந்திருக்காது. நம் பேரூராட்சிகளில் வீட்டு இணைப்புக்கு மாதக் கட்டணம் பெரும்பாலும் ஒரே தொகைதான், மானி வைப்பது அரிது. அதோடு நம் வீட்டுக்குள் ஓடுவது கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றிய தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்று வீடுகளிலும் மோட்டாரும் தண்ணீர்த் தாங்கியும்தான், அந்த வீடுகள் இந்த விஷயத்தில் கொழும்பைவிட அஞ்சுகிராமத்துக்கே நெருக்கமானவை. ஆகவே இந்தியா, இலங்கை என்று பிரிப்பதைவிட, குழாய்க்குள் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார், நம் பிளம்பர் கணக்கில் ஒரு கிலோ. ஒரு மாடி வீட்டில் மேல்மாடிக் குளியலறைக்கும் தொட்டி நீருக்கும் உயர வித்தியாசம் நான்கு மீட்டர் என்றால் அங்கே இருப்பது 0.4 பார் மட்டுமே. சரியாக ஒட்டாத ஓர் இணைப்பு இந்த அழுத்தத்தில் பல வருஷம் சத்தமில்லாமல் கசிந்துகொண்டு காலம் தள்ளும். தெருக் குழாயோடு நேராகப் பிணைந்த கொழும்பு வீட்டில் அதைவிடப் பல மடங்கு அழுத்தம் இரவும் பகலும் நிற்பதால் மோசமான இணைப்பு சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. அங்கே பல வீடுகளில் ஷவருக்குப் பக்கத்திலேயே உடனடியாகச் சூடாக்கும் சிறு ஹீட்டர் வைப்பார்கள். சுவருக்குள் ஒரே லைன்தான் போகும். இங்கே கீசர் வந்த பிறகு சூட்டுக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு லைன் ஓடுகின்றன. இணைப்புகளும் சந்தேகங்களும் இரட்டிப்பு.

நீர்மானி முறையைப் பார்த்து நானும் பொறாமைப்பட்டதுண்டு. ஆனால் கணக்குப் போட்டால் அதன் எல்லை தெரிகிறது. ஒரு சுவரை ஓதமாக்க நாளுக்கு ஒரு லிட்டர் போதும். 0.4 பாரில் அந்த ஒரு லிட்டரை விடும் ஓட்டையில் 2 பார் அழுத்தம் இருந்தால் நாளுக்கு இரண்டேகால் லிட்டர் அளவுக்குப் போகும், மாதத்துக்கு ஏறத்தாழ எழுபது லிட்டர். இலங்கையில் பில்லின் ஓர் அலகு 1000 லிட்டர். பில்லில் இது தெரியவே தெரியாது. மானியின் சக்கரம் அசையவே மணிக்குச் சில லிட்டர் ஓட வேண்டும். இது மணிக்கு நூறு மில்லிதான். சக்கரம் அசைந்தால் கசிவு உண்டு என்று உறுதியாகச் சொல்லலாம், அசையாவிட்டால் கசிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் தொட்டியை நம்புவதிலும் இதே சிக்கல். ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் குறைந்தால் மட்டம் இறங்குவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதை யாரால் பார்க்க முடியும்?

இந்தச் சின்னக் கசிவைக் காட்டும் கருவி கைப்பம்பும் அதில் பொருத்திய அழுத்தமானியும்தான். காரணம் எளிது. முக்கால் அங்குல சி.பி.வி.சி. குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆறு மீட்டர் லைனில் ஒன்றரை லிட்டர். நிறைந்த குழாயில் அழுத்தத்தைச் சுழியிலிருந்து 5 பாருக்கு ஏற்ற, இன்னும் இரண்டரை மில்லி தண்ணீர், அதாவது அரைத் தேக்கரண்டி, உள்ளே போனால் போதும். குழாய் சற்றே விரிந்து அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அப்படியென்றால் அந்த அரைத் தேக்கரண்டி வெளியேறினால் முள் சுழிக்கு வந்துவிடும். பத்துச் சொட்டு, அதாவது அரை மில்லி, போனாலே முள் ஒரு பார் இறங்கும்.

இந்த நுட்பத்தைக் கெடுப்பது குழாய்க்குள் தங்கும் காற்று. காற்று பஞ்சு போல அமுங்கிக்கொடுப்பதால், சொட்டு போனாலும் முள் மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே லைனின் மிக உயரமான வாயைத் திறந்து வைத்து, தண்ணீர் குமிழியில்லாமல் வரும்வரை நிரப்ப வேண்டும். காற்று கம்ப்ரஸரை வைத்துச் சோதிக்கவே கூடாது. அமுங்கிய காற்றோடு பிளாஸ்டிக் குழாய் வெடித்தால் துண்டுகள் சிதறி ஆளைக் காயப்படுத்தும்.

அஞ்சுகிராமத்தில் அப்படி ஒரு மாடி வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மேல்மாடிக் குளியலறை, மறுபக்கம் படுக்கையறையில் இடுப்பளவு ஓதம். முதல் வேலை கீசரைக் கழற்றுவது, சுவர் மிக்ஸரைக் கழற்றுவது. மிக்ஸர் இருந்தால் அதன் வழியே சூட்டு லைனும் பச்சைத் தண்ணீர் லைனும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், எது கசிகிறது என்று பிரிக்க முடியாது. கழற்றிய வாய்களிலும் வாஷ்பேசின் ஆங்கிள் வால்வு இருந்த இடத்திலும் டெஃப்லான் சுற்றிய பிளக்கை முறுக்க வேண்டும். டேப்பை மூடி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். பழைய வாஷரும் பழைய கேட் வால்வும் சொட்டு விடாமல் பிடிக்காது. அவை விடும் சொட்டு சுவர்க் கசிவு மாதிரியே முள்ளில் தெரியும்.

பச்சைத் தண்ணீர் லைனை 5 பாருக்கு ஏற்றுகிறோம். முதல் கால் மணி நேரத்தில் முள் கொஞ்சம் இறங்கும். அது பிளாஸ்டிக் நீளுவதால். மறுபடி 5-க்கு ஏற்றினால் அப்புறம் அசையாமல் நிற்கிறது. அந்த லைன் சுத்தம். சூட்டு லைனுக்குப் பம்பை மாற்றினால் ஒரே நிமிஷத்தில் முள் 5-இலிருந்து 1-க்கு வந்துவிடுகிறது. முன்கணக்குப்படி இரண்டு மில்லி போயிருக்கிறது. தொட்டியின் 0.4 பாரில் இதே ஓட்டை நாளுக்கு ஒரு லிட்டர் விடும். சுவரில் இருக்கும் ஓதத்தின் அளவும் அதற்குப் பொருந்துகிறது. பழைய ஜி.ஐ. குழாயிலோ, இலங்கையில் பழைய பி.வி.சி. லைனிலோ இந்த 5 வேண்டாம், 3 போதும். துருப்பிடித்த மரையை நாமே உடைத்துவிடக் கூடாது.

இரண்டு லைனிலும் முள் நின்றிருந்தால் குழாயைச் சந்தேகிப்பதை விட்டுவிட வேண்டும். நஹானி டிராப்பை அடைத்து, தரையில் ஓர் அங்குலம் சாயநீர் கட்டி ஒரு நாள் விட்டால் தரையா கழிவுக் குழாயா என்று புரியும்.

நம் வீட்டில் சூட்டு லைன் என்று தெரிந்துவிட்டது, ஆனால் ஆறு மீட்டரில் எங்கே? நேர்க்குழாய் தானாக அரிதாகத்தான் உடையும். துண்டு மாட்டும் கம்பிக்கோ கண்ணாடிக்கோ யாராவது டிரில் போட்டார்களா என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும். குழாயில் இறங்கிய திருகாணி பல வருஷம் தானே அடைப்பாக நின்று, துருப்பிடித்த பிறகு கசியவிடும். அது இல்லையென்றால் சந்தேகம் இணைப்புகள் மேல்தான். கீசரடி எல்போ, நடுவில் டீ, மிக்ஸர் எல்போ, பேசின் எல்போ என்று நான்கு. சூட்டில் விரிந்து குளிர்ந்து சுருங்கும் லைனில், பித்தளை மரை பதித்த எல்போதான் என் முதல் சந்தேகம்.

முள்ளை 5-இல் பிடித்துக்கொண்டு, மிக்ஸர் இருந்த இடத்தின் வட்டத் தட்டை எடுத்து எல்போவைச் சுற்றியுள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பார்க்கலாம். பேசின் பக்கம் காய்ந்திருக்கிறது, மிக்ஸரின் சூட்டு வாயில் ஈரம் மினுங்குகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. சந்தேகம் தீராவிட்டால் ஒரு வாரம் சூட்டு லைனைத் தண்ணீரில்லாமல் காய விட வேண்டும். பிறகு பம்பு ஏற்றினால் டைல்ஸ் இடுக்குகளில் எது முதலில் கறுக்கிறதோ அதன் பின்னால்தான் ஓட்டை. வெப்பக் கேமரா இருந்தால் நேரம் மிச்சம். ஆனால் அது காட்டுவது ஈரத்தின் குளிர்ச்சியைத்தான், ஓட்டையை அல்ல.

உடைப்பது ஒரே ஒரு டைல்ஸ். சுற்று இடுக்கை முதலில் கிரைண்டரில் அறுத்துவிட்டால் பக்கத்து டைல்ஸில் விரிசல் ஓடாது. எல்போவைச் சுற்றி மட்டும் பூச்சை எடுத்து, மறுபடி அழுத்தம் ஏற்றிச் சொட்டைக் கண்ணால் பார்த்த பிறகே குழாயை அறுக்க வேண்டும். சி.பி.வி.சி. பசை ஈரத்தில் பிடிக்காது. லைனில் மிச்சம் நிற்கும் தண்ணீர் ஒட்டும் நேரத்தில் சொட்டி வந்து இணைப்பைக் கெடுப்பதுதான் இந்த வேலை இரண்டாம் முறை செய்ய வேண்டிவருவதற்கு வழக்கமான காரணம். புது எல்போவும் கப்ளரும் ஒட்டி ஒரு நாள் காய விட்டு, காடி திறந்திருக்கும்போதே 5 பார் ஏற்றி ஒரு மணி நேரம் முள்ளைப் பார்த்தபின் பூசலாம். மூடுமுன் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

படுக்கையறைப் பக்கம் உடனே பெயிண்ட் அடிக்கக் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரு பக்கமும் திறந்திருந்தாலே காய மாதங்கள் ஆகும், இங்கே ஒரு பக்கம் டைல்ஸ் மூடியிருக்கிறது. உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டிவிட்டு, ஓதத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி போட்டு வைத்தால், கோடு உள்வாங்குகிறதா வெளியே போகிறதா என்பது அடுத்த மாதமே தெரிந்துவிடும்.