ஸ்லைடின் கடிகாரமும் தமிழ் வாக்கியமும்

வகுப்பில் நடத்துவதற்காகச் செய்த ஸ்லைடு தொகுப்பை வீடியோ பாடமாக்கும்போது, ஒவ்வொரு ஸ்லைடும் திரையில் நிற்கும் நேரத்தை அளந்து, அந்த நேரத்துக்குள் அடங்கும்படி விளக்கக் குரலுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது பரவலான வழக்கம். ஸ்லைடு முதலில், பேச்சு பிறகு. பேச்சுக்கு ஏற்பப் படம் என்ற இயல்பான வரிசை இங்கே தலைகீழாகிறது. இந்த முறையின் வசதிகளும் தொல்லைகளும் அந்த ஒரு தலைகீழ் மாற்றத்திலிருந்தே வருகின்றன.

வசதிகள் கண்கூடானவை. எண்களும் படங்களும் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவை. எழுதுபவருக்குப் பாடத்தின் எல்லை தெரிந்திருக்கிறது. எங்கோ தொடங்கி எங்கோ போய்விட முடியாது. மொழிமாற்றத்தில் இந்த முறைக்கு மாற்றே இல்லை எனலாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில், ஒரு முறை பதிவான வீடியோவின் படம் அப்படியே இருக்க, குரல் மட்டும் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மாற்றப்படுகிறது. அதற்கான ஸ்கிரிப்ட், நேரம் ஒரு பக்கம், பேச வேண்டிய வாக்கியம் மறுபக்கம் என்று இரண்டு கட்டங்களாக இருக்கும். படத்தைத் தொடாமல் பாடத்தைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோக அந்த நேரக் கட்டம்தான் வழி.

தொல்லை, அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது தொடங்குகிறது. பவர்பாயிண்டில் Rehearse Timings என்ற வசதி, ஆசிரியர் ஒத்திகை பார்க்கும்போது ஸ்லைடுக்கு ஸ்லைடு எவ்வளவு நேரம் எடுத்தார் என்பதைக் குறித்துவைக்கிறது. அந்தக் கணக்கில் இருப்பது பேசுபவரின் பழக்கம். பார்ப்பவரின் தேவை அல்ல. தலைப்பு ஸ்லைடில் வணக்கம் சொல்லித் தொண்டையைச் செருமியதற்குப் பன்னிரண்டு விநாடி போயிருக்கும். பல தடவை நடத்தி மனப்பாடமான அட்டவணையோ இருபதே விநாடியில் ஓடியிருக்கும். வகுப்பில் இது குறையில்லை. மாணவர் முகம் சுளித்தால் ஆசிரியர் நின்றுவிடுவார். வீடியோவில் சுளிக்கும் முகம் யாருக்கும் தெரியாது. ஆகவே பழைய நேரத்தைச் சட்டமாக எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட், ஆசிரியரின் அவசரத்தையும் சேர்த்தே நிரந்தரமாக்கிவிடுகிறது.

அடுத்த சிக்கல் அளவுகோல். ஒரு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கு ஆங்கிலத்தில் ஓரளவு வேலை செய்கிறது. தமிழில் ‘போ’ என்பதும் ஒரு சொல், ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதும் ஒரு சொல். சொல்லை எண்ணி நேரம் கணிப்பவர் ஏமாறுவார். தமிழுக்குப் பொருந்தும் எளிய வழி, புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணுவது. (கட்டளைக் கலித்துறை அடிக்கு நேரசையில் தொடங்கினால் பதினாறு, நிரையசையில் தொடங்கினால் பதினேழு என்று எழுத்தெண்ணிப் பாடியவர்கள் செய்ததும் இதைத்தான்.) நிதானமாகப் பாடம் சொல்லும் குரலுக்கு விநாடிக்கு ஐந்து எழுத்து என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஆளுக்கு ஆள் வேகம் மாறும் என்பதால், குரல் கொடுப்பவர் ஒரு பத்தியை உரக்கப் படித்து, கைப்பேசியில் நேரம் பார்த்து, தன் எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கடன் தவணையைப் பற்றிய ஒரு தொகுப்பை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். கடன் 1,00,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதம் ஒரு சதவீதம், பன்னிரண்டு தவணை. மாதத் தவணை, பைசாவை முழுமையாக்கினால், 8,885 ரூபாய். ஏழாவது ஸ்லைடில் முதல் மூன்று மாதக் கணக்கு அட்டவணையாக இருக்கிறது. முதல் மாதம் வட்டி 1,000, அசல் 7,885, மீதி 92,115. இரண்டாம் மாதம் 921, 7,964, 84,151. மூன்றாம் மாதம் 842, 8,043, 76,108. இந்த ஸ்லைடுக்கு ஒதுக்கிய நேரம் 20 விநாடி. முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“முதல் மாதம் எட்டாயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து ரூபாய் தவணையில் ஆயிரம் ரூபாய் வட்டி, ஏழாயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து ரூபாய் அசல், மீதி தொண்ணூற்றிரண்டாயிரத்து நூற்றுப் பதினைந்து ரூபாய்.”

புள்ளி எழுத்துகளை நீக்கி எண்ணினால் 63 எழுத்து வருகிறது. ஏறக்குறைய 13 விநாடி. ஒரு வரிசைக்கே இவ்வளவு என்றால் மூன்று வரிசைக்கு 40 விநாடிக்குக் குறையாது. திரையில் நான்கு இலக்கமாகச் சுருங்கிக் கிடக்கும் 8,885 வாயில் பன்னிரண்டு எழுத்தாக விரிகிறது. எண்ணின் இந்தக் கள்ளத்தனம்தான் நேரம் பார்த்து எழுதும் ஸ்கிரிப்டுகளை அடிக்கடி கவிழ்ப்பது. எழுதியவர் தாளில் பார்க்கும்போது ‘8,885’ என்றே எழுதியிருப்பார். வரி குட்டையாகத் தெரியும். ஒலிப்பதிவில்தான் வண்டவாளம் வெளிப்படும். எண்களை எழுத்தில் எழுதுவது என்பது நல்ல ஸ்கிரிப்டின் முதல் ஒழுங்கு.

இந்த நிலையில் பலர் செய்வது வேகத்தைக் கூட்டுவது. அது தப்பான மருந்து. அட்டவணை இருக்கும்போது எண்களைக் குரல் ஒப்பிக்கத் தேவையே இல்லை. கண்ணால் அவற்றை வேகமாகப் படிக்க முடியும். திரையில் உள்ள எழுத்தையே குரலும் திரும்பச் சொன்னால் கற்றல் குறைகிறது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்டு மேயரும் அவரது குழுவினரும் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். கண் தன் வேகத்தில் ஓட, காது பின்தங்கி வர, இரண்டையும் ஒப்பிடுவதிலேயே கவனம் செலவாகிவிடுகிறது. குரலின் வேலை, எதைப் பார்க்க வேண்டும், ஏன் என்று சொல்வது. அப்படித் திருத்திய வரைவு:

“வட்டிக் கட்டத்தைப் பாருங்கள். முதல் மாதம் ஆயிரம். அடுத்த மாதம் தொள்ளாயிரத்து இருபத்தொன்று. தவணை மாறவில்லை; வட்டி குறைந்த அளவுக்கு அசல் கூடுகிறது.”

மொத்தம் 53 எழுத்து, சுமார் 11 விநாடி. வாக்கியங்களுக்கு இடையே மூச்சுக்கு மூன்று விநாடி போனாலும் ஐந்தாறு விநாடி மிஞ்சும். அந்த அமைதியில் பார்ப்பவர் மூன்றாம் வரிசையைத் தானே படித்து, 842 இருப்பதைக் கண்டு, சொன்னது சரிதான் என்று உறுதிசெய்துகொள்வார். நேரக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் இந்த வெட்டு நடந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். இருபது விநாடி என்ற நெருக்கடிதான் ஒப்பித்தலைக் களைந்து விளக்கத்தை மிச்சம் வைத்தது. இந்த முறையின் மிகச் சிறந்த பலன் இதுவே; ஆனால் எழுதுபவர் வேகத்தைக் கூட்டாமல் சொல்லைக் குறைத்தால்தான் அது கிடைக்கும்.

ஸ்லைடு மாறும் கணம் தனிக் கவலை. பவர்பாயிண்டில் நேரடியாகப் பதிவு செய்யும்போது, ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் அந்தச் சிறு நேரத்தில் ஒலி பதிவாவதில்லை. பேசி முடிக்கும் முன்பே பொத்தானை அழுத்தினால் கடைசிச் சொல் விழுங்கப்படும். ஆங்கில வாக்கியத்தில் எதிர்மறை பொதுவாக நடுவிலேயே வந்துவிடுகிறது. வால் போனாலும் பொருள் பெரும்பாலும் பிழைக்கும். தமிழில் காலம், எதிர்மறை, கட்டளை எல்லாம் வாலில்தான் இருக்கின்றன. “தவணை மாறவில்லை” என்பதில் கடைசி இரண்டு எழுத்து போனால் மாறியதா இல்லையா என்றே தெரியாது. இந்தப் பிழையைப் படிக்கும்போது கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு ஸ்லைடின் கடைசி இரண்டு விநாடியை மட்டும் ஓடவிட்டுக் கேட்டால் உடனே தெரியும். ஸ்லைடு மாறும் முன் ஒரு விநாடி, மாறிய பின் ஒரு விநாடி வாய் திறக்காமல் இருக்கும்படி ஸ்கிரிப்டிலேயே இடைவெளி குறித்துவிடுவது போதுமான பாதுகாப்பு.

வாக்கியத்தின் அமைப்பும் கடிகாரத்தோடு மோதும். தமிழில் அடைமொழி முன்னால், பெயர் பின்னால். “இந்த மாத வட்டி போக மீதமுள்ள தவணையிலிருந்து கடனுக்குச் சேரும் தொகை” என்று குரல் தொடங்கினால், ‘தொகை’ வரும்வரை கண் எந்தக் கட்டத்தில் நிற்பது என்று தெரியாமல் அலைகிறது. தாளில் இது பிழையற்ற தமிழ். திரைக்கு முன்னால் பாதிப் பயன்தான். பொருளின் பெயரை முதலில் சொல்லி நிறுத்தி, விளக்கத்தை அடுத்த வாக்கியமாக்குவது நல்லது: “அசல் கட்டம். வட்டி போக மிஞ்சியது இங்கே சேர்கிறது.” வகுப்பறையிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் ‘இதோ’, ‘இந்த இடத்தில்’, ‘முன்னாடி பார்த்தோமே’ போன்ற சொற்களும் இதே வகை. அங்கே ஆசிரியரின் விரல் இருந்தது. ஸ்லைடு தொகுப்பில் விரல் இல்லை.

தொகுப்பை அறவே தொடக்கூடாது என்பவர்களோடு இந்த இடத்தில் உடன்பட முடியாது. உள்ளடக்கத்தை மாற்றாமலே இரண்டு உரிமைகள் எடுத்துக்கொள்ளலாம். நேரத்தைத் திரும்பப் பங்கிடலாம்: தலைப்பின் பன்னிரண்டு விநாடியில் ஏழு விநாடியை எடுத்து அட்டவணைக்குக் கொடுத்தால் வீடியோவின் மொத்த நீளம் மாறாது. அட்டவணை ஸ்லைடை மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரிசைக்கு மட்டும் நிறம் கொடுத்து, இடையில் மாறும் விளைவு எதுவும் இல்லாமல் விடலாம். பார்ப்பவருக்கு ஒரே அட்டவணையில் வெளிச்சம் நகர்வதுபோலத் தோன்றும். குரலுக்கும் மூன்று சின்னச் சின்ன எல்லைகள் கிடைக்கும். மொழிமாற்றத்தில் மட்டும் இந்த உரிமைகள் இல்லை, படம் பூட்டப்பட்டது. அங்கே சொல்லைக் குறைப்பது ஒன்றே வழி.

பாடத்தைப் பின்னால் திருத்த வேண்டி வரும்போது, எல்லைகள் ஒழுங்காக இருந்தனவா என்பது வெளிப்படும். பவர்பாயிண்டில் ஒலி ஸ்லைடுக்கு ஸ்லைடு தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால், ஒன்றை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். வட்டி 12 சதவீதத்திலிருந்து 11 ஆனால் தவணை 8,838 ஆகும். முதல் மாத வட்டி 917. எண்களைக் குரல் உச்சரிக்கும் ஸ்லைடுகளை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. முதல் வரைவுப்படி பதிவு செய்திருந்தால் எண் வரும் வரியெல்லாம் திரும்பப் பேச வேண்டும். திருத்திய வரைவில் ஏழாவது ஸ்லைடின் இரண்டு குட்டி வாக்கியங்கள்தான் மாறும், அந்த ஸ்லைடை மட்டும் மறுபடி பேசினால் போதும். ஆனால் ஒரு வாக்கியம் ஏழாவது ஸ்லைடில் தொடங்கி எட்டாவதில் முடிந்திருந்தால், எட்டையும் சேர்த்துப் பதிய வேண்டும். வேறொரு நாளில், வேறொரு அறையில், சற்றே மாறிய குரலில் பதிந்த பாதி, பழைய பாதியோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.