டெல்டாவை எவ்வளவு நம்பலாம்?

அரியலூர் சிமெண்ட் ஆலைகள் நிறைந்த மாவட்டம். அங்கே ஆலை வைத்திருக்கும் டால்மியாவின் பங்கை வாங்காமலே, அதன் விலை ஏறும் என்று கால் ஆப்ஷன் வாங்குகிறவர்கள் உண்டு. புரோக்கர் செயலியில் பிரீமியத்துக்குப் பக்கத்தில் டெல்டா என்று ஓர் எண் தெரியும். பலர் அதைப் பார்த்துத்தான் லாபத்தைக் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு எங்கே நிற்கும், எங்கே சறுக்கும்?

கணக்குக்காக, பங்கின் விலை 2,000 ரூபாய் என்று கொள்வோம். ஸ்ட்ரைக் விலையும் 2,000. எக்ஸ்பைரிக்கு 30 நாள் இருக்கிறது. ஐ.வி. 25 சதவீதம், வட்டி 6.5 சதவீதம். 1973இல் வெளியான பிளாக்-ஷோல்ஸ் சூத்திரப்படி கால் ஆப்ஷனின் பிரீமியம் சுமார் 62.50 ரூபாய், டெல்டா 0.544, காமா 0.00277.

பங்கு ஒரு ரூபாய் ஏறினால் பிரீமியம் எவ்வளவு ஏறும் என்பது டெல்டா. அதே ஒரு ரூபாய்க்கு டெல்டாவே எவ்வளவு மாறும் என்பது காமா. பங்கு 20 ரூபாய் ஏறுகிறது. டெல்டாவை மட்டும் வைத்தால் பிரீமியம் 10.88 ரூபாய் கூட வேண்டும். ஆனால் ஏற ஏற டெல்டாவும் 0.544இலிருந்து 0.599க்குப் போகிறது. இரண்டின் சராசரியை 20ஆல் பெருக்கினால் 11.43. கூடுதலாக வந்த 55 பைசா காமா தந்தது. பங்கு 20 ரூபாய் இறங்கினாலோ டெல்டா குறைந்துகொண்டே வருவதால் நட்டம் 10.33தான். ஏறினால் கொஞ்சம் அதிகம், இறங்கினால் கொஞ்சம் குறைவு. வாங்கியவருக்கு இது சாதகம்.

இந்த முறையின் பலம் இங்கே தெரிகிறது. வெவ்வேறு ஸ்ட்ரைக், வெவ்வேறு மாத ஆப்ஷன்களை எல்லாம் ‘இத்தனை பங்குக்குச் சமம்’ என்று ஒரே அளவுகோலில் வைக்க டெல்டா உதவுகிறது. 2025 மே மாதச் சுற்றறிக்கையில் செபியும் ஓப்பன் இன்ட்ரஸ்டை டெல்டா அடிப்படையில் கணக்கிடும் முறைக்கு மாறியது. சிறிய நகர்வுக்குக் கணக்கு ஏறக்குறைய அப்படியே பலிக்கும். 100 ரூபாய் ஏற்றத்துக்குக்கூட, டெல்டா மட்டும் 54 என்று சொல்லும் இடத்தில் காமாவையும் சேர்த்தால் 68 வரும். சூத்திரம் தரும் முழு விடை 67.

இனி குறை. காமா இனாம் இல்லை. மேலே சொன்ன ஆப்ஷன், பங்கு நகராமல் நின்றால், ஒரு நாளைக்குச் சுமார் 1.13 ரூபாய் கரையும். 20 ரூபாய் நகர்வில் காமா தந்தது 55 பைசாதான். விற்றவர் பக்கம் பாருங்கள். 1,000 பங்குக்குக் கால் விற்று, ஈடாக 544 பங்கு வாங்கி வைத்திருக்கிறார். பங்கு 20 ரூபாய் ஏறினால் பங்கில் 10,880 ரூபாய் லாபம், ஆப்ஷனில் 11,430 நட்டம். இறங்கினால் பங்கில் 10,880 நட்டம், ஆப்ஷனில் 10,330 லாபம். எந்தப் பக்கம் போனாலும் கையைவிட்டுப் போவது 550 ரூபாய். அந்த இழப்பைத் தாங்கத்தான் நாளுக்கு 1,130 ரூபாய் கரைவது அவருக்கு வரவாகிறது. பெரிய நகர்வு வந்தால் அந்த வரவு போதாது.

எக்ஸ்பைரி நெருங்கினால் நிலைமை இன்னும் கடுமை. ஒரே ஒரு நாள் மிச்சமிருக்கும்போது காமா 0.0152. அதே 20 ரூபாய் ஏற்றத்தில் டெல்டா 0.51இலிருந்து 0.78க்குத் தாவும். காலையில் பாதிப் பங்குக்கு ஈடு கட்டியவர் மதியம் முக்கால் பங்குக்கு மேல் கட்ட வேண்டும்.

மூன்றாவது குறைதான் புதியவர்களை அதிகம் குழப்புகிறது. டெல்டாவும் காமாவும் பங்கு விலை மட்டுமே மாறுகிறது என்று வைத்துக்கொள்கின்றன. காலாண்டு முடிவு வெளியானதும் எதிர்பார்ப்பு அடங்கி ஐ.வி. சரிவது வழக்கம். நம் கணக்கில் ஐ.வி. ஒரு புள்ளி குறைந்தால் பிரீமியம் சுமார் 2.27 ரூபாய் குறையும். 25இலிருந்து 20க்கு வந்தால் போவது 11.35 ரூபாய். பங்கு 20 ரூபாய் ஏறி வந்த 11.43 ஏறக்குறைய மொத்தமும் அதிலேயே போய்விடும். ‘பங்கு ஏறுச்சு, கால் ஏறலையே’ என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாகச் செபியின் ஆய்வு சொல்கிறது. எல்லா நட்டத்துக்கும் டெல்டா காரணமல்ல. ஆனால் டெல்டா இந்த நொடியின் சாய்வு அளவே தவிர, நாளைய லாபத்துக்கு உத்தரவாதம் அல்ல. வாங்குகிறவர் காமாவோடு நாள் கரைவையும் ஐ.வி.யையும் சேர்த்துப் பார்க்கட்டும். கடைசி வாரத்தில் விற்கிறவர் காமாவை முதலில் பார்க்கட்டும். இந்த நான்கையும் ஒருசேரப் படிக்கத் தெரியாதவரை ஆப்ஷன் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.