'குன்' எங்கே போச்சு?

மகோடோ ஷின்காயின் 'கிமி நோ நா வா' (2016) தலைப்பிலேயே பெயரைக் கேட்கும் படம். அதை முதல் தடவை சப்டைட்டிலை மட்டும் நம்பிப் பார்த்தேன். இரண்டாம் தடவை காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மிட்சுஹா அவனை 'டாக்கி-குன்' என்கிறாள். அவனோ அவளை வெறும் 'மிட்சுஹா' என்கிறான். நான் படித்த ஆங்கில வரிகளில் இரண்டுமே மொட்டைப் பெயர்கள்தான்.

ஜப்பானியத்தில் 'சான்' என்றால் ஒரு கை தூர மரியாதை. 'ச்சன்' செல்லம், பெரும்பாலும் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும். 'குன்' பெரும்பாலும் பையன்களுக்கு. நட்பு இருக்கும், ஆனா ஒரு சின்ன இடைவெளியும் இருக்கும். எதுவும் ஒட்டாமல் பெயரை மட்டும் சொல்வதற்கு 'யோபிசுதே' என்று பெயர். ரொம்ப நெருங்கினவங்க சொன்னா உரிமை, மற்றவங்க சொன்னா அவமதிப்பு.

இப்போது ரயில் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவனைத் தேடி டோக்கியோ வந்த மிட்சுஹா, கூட்டத்துக்குள் தயங்கித் தயங்கி "டாக்கி-குன்" என்கிறாள். என்னை ஞாபகம் இல்லையா என்று கேட்கிறாள். அவன் அப்போது நடுநிலைப் பள்ளிப் பையன். அவளை அவனுக்கு இன்னும் தெரியவே தெரியாது. "யார் நீ?" என்கிறான், அதுவும் 'ஒமாயே' என்கிற கரடுமுரடான 'நீ'. அந்த 'குன்'னில் பல நாள் பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு இந்தப் பக்கம் இன்னும் ஆள் இல்லை. அவள் முகம் வாடுவதற்குக் காரணம் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளம். சப்டைட்டிலில் பெயர் மட்டும் வந்தால், யாரோ ஒருத்தி யாரையோ கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

சப்டைட்டில் எழுதுகிறவரை நான் திட்ட மாட்டேன். வரிக்கு இடம் குறைவு. 'குன்'னை அப்படியே விட்டால், புதிதாகப் பார்க்கிறவர் அதையும் பெயரின் ஒரு துண்டு என்று நினைத்துவிடலாம். தமிழில் போட்டால் தீருமா? 'நீங்க' என்றால் தூரம் கூடிவிடும். 'டா' போட்டால் அவள் பேச்சில் இல்லாத உரிமை வந்து உட்காரும். 'குன்' இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது.

ஆனால் அதை நீக்குவது வெறும் சுருக்கம் இல்லை. மொட்டைப் பெயருக்கே அங்கே ஒரு அர்த்தம் இருக்கும்போது, ஒட்டை வெட்டுகிற கை அந்த அர்த்தத்தையும் சேர்த்தே எழுதுகிறது. அந்தி வெளிச்சத்தில் மலைமேல் இருவரும் ஒருவழியாகச் சந்திக்கும்போதும் அவள் 'டாக்கி-குன்' என்றுதான் சொல்கிறாள், அவன் 'மிட்சுஹா' என்றுதான். அவன் எப்போதோ தாண்டிவிட்ட கோட்டில் அவள் இன்னும் நிற்கிறாள். சப்டைட்டில் அவளை முதல் காட்சியிலேயே தாண்ட வைத்துவிட்டது.

அதனால் மறுபடி பார்த்தால், பெயர் வரும் இடத்தில் மட்டும் கண்ணை எடுத்துவிட்டுக் காதைக் கொடுங்கள்.